ஏ4 பேப்பர் கட்டின் தடிமனை போட்டோவில் அளப்பது

கேள்வி: ஆன்லைனில் ஏ4 பேப்பர் கட்டு வாங்கப் பார்க்கிறேன். ரேப்பர் போட்டோவும் ஓரத்தை எடுத்த போட்டோவும் மட்டும்தான் இருக்கு. 75 ஜிஎஸ்எம்னு போட்டிருக்காங்க, அது நிஜமானு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

ஓரத்துப் போட்டோதான் உதவும், ஆனால் அது நேராக எடுத்ததாக இருக்க வேண்டும். கட்டின் மேல்பக்கம் கொஞ்சம் தெரிந்தாலே கேமரா மேலே இருந்திருக்கிறது, உயரம் குறைந்து காட்டும், அதை வைத்து அளக்காதீர்கள். ரேப்பர் மடித்து ஒட்டிய முனையும் வேண்டாம், அந்த மடிப்பே தடிமனைக் கூட்டிவிடும். குட்டைப் பக்கத்து ரேப்பரைப் பிரித்து, போனை மேசை மட்டத்தில் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

ஏ4-இன் குட்டைப் பக்கம் எப்போதும் 210 மி.மீ. என்பதால், அதுவே நமக்கு ஸ்கேல். நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், போன வருஷம் இப்படி ஒரு படத்தை அளந்தேன். அகலம் 840 பிக்சல், அதாவது மில்லிமீட்டருக்கு 4 பிக்சல். உயரம் 168, ஆக 42 மி.மீ. 500 தாள் என்று நினைத்து வகுத்தால் ஒரு தாள் 0.084 மி.மீ. வருகிறது. சாதாரண 75 ஜிஎஸ்எம் காப்பியர் தாள் 0.095 அல்லது 0.1 பக்கம் இருக்கும், கட்டு கிட்டத்தட்ட 5 செ.மீ. நிற்க வேண்டும். மெல்லிசு பேப்பரைத் தலையில் கட்டுகிறான் என்றுதான் நினைத்தேன்.

விற்பவரிடம் எடையைக் கேட்டேன். 75 ஜிஎஸ்எம் என்றால் சதுர மீட்டருக்கு 75 கிராம், அந்தக் கணக்கில் ஏ4 தாள் ஒன்று 4.68 கிராம், 500 தாளுக்கு 2.34 கிலோ. அவர் தராசில் வைத்து அனுப்பிய படத்தில் 2.1 கிலோ. சரி, சந்தேகம் உறுதியானது என்று பார்த்தால், இங்கேதான் நான் ஏமாந்தேன்: தாள் மெல்லிசாக இருந்தாலும் எண்ணிக்கை குறைந்தாலும் தடிமன், எடை இரண்டுமே சேர்ந்துதான் குறையும், இரண்டில் எது என்று இந்த இரண்டு படமும் சொல்லாது. ஒரு கட்டு மட்டும் வாங்கி, பத்துத் தாளை நகைத் தராசில் வைத்தேன். 46.5 கிராம், அசல் 75 ஜிஎஸ்எம்தான்! எண்ணினால் 450 தாள். ரேப்பரின் மடிப்பில் பொடி எழுத்தில் அச்சிட்டும் இருந்தது, போட்டோவில் அந்தப் பக்கத்தைக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

அதனால் முதலில் தாள் எண்ணிக்கை அச்சிட்ட பக்கத்தைக் கேளுங்கள், அப்புறம் அளங்கள். வெண்மையைப் போட்டோவில் பார்க்கவே பார்க்காதீர்கள், ட்யூப்லைட் வெளிச்சத்துக்கு ஒரு நிறம், வெயிலுக்கு ஒரு நிறம் காட்டும். ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: அலை அலையாக நெளிந்திருந்தால் ஈரம் குடித்த பேப்பர், பிரிண்டரில் சிக்கும். பிசிறு பிசிறாக இருந்தால் மொட்டை பிளேடில் வெட்டியது, தூசி கொட்டி ரோலரைக் கெடுக்கும்.