மறைத்தது எந்த டாக்டரிடம்?

கேள்வி: என் மகளுக்கு 26 வயது. காதில் குரல் கேட்டதால் இரண்டு வருடமாக ரிஸ்பெரிடோன் 4 மில்லிகிராம் சாப்பிடுகிறாள். இப்போது நன்றாக இருக்கிறாள். ஆனால் ஏழு மாதமாக மாதவிடாய் வரவில்லை, மார்பில் பால் கசிகிறது. மகளிர் டாக்டரிடம் காட்டினோம். வரன் பார்ப்பதால் மனநல மாத்திரையைப் பற்றி அங்கே சொல்லவில்லை. புரோலாக்டின் 92 என்று வந்தது, கேபர்கோலின் எழுதித் தந்தார். ரிஸ்பெரிடோனை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். நின்றால் குரல்கள் திரும்பக்கூடும். கேபர்கோலினை இன்னும் தொடங்கவில்லை என்றால், மனநல டாக்டரைக் கேட்காமல் தொடங்கவும் வேண்டாம். தொடங்கிவிட்டீர்கள் என்றால் இன்றே அவருக்குப் போன் செய்யுங்கள்.

வரனுக்காக மறைத்தேன் என்கிறீர்களே அம்மா, டாக்டர் என்ன சம்பந்தி வீட்டுக்காரரா? புரோலாக்டின்தான் பாலைச் சுரக்க வைக்கும் ஹார்மோன். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அதை அதிகம் விடாமல் அடக்கி வைப்பது டோபமைன் என்ற மூளை ரசாயனம். ரிஸ்பெரிடோன் அந்த டோபமைனை மறிக்கிறது. குரல் அடங்கியதும் அதனால்தான், பால் கசிவதும் மாதவிடாய் நின்றதும் அதனால்தான். கேபர்கோலினோ டோபமைன் செய்கிற வேலையையே செய்யும். சிலருக்கு அடங்கிய நோயைக் கிளப்பிவிடும். உங்கள் மௌனத்தால், அந்த டாக்டர் தெரியாமலே அவளை அந்த ஆபத்தில் நிறுத்திவிட்டார்.

மனநல டாக்டரிடம் போகும்போது மகளே பேசட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். தலைவலி உண்டா, பக்கவாட்டுப் பார்வை மங்குகிறதா என்று அவர் கேட்பார். முதலில் கர்ப்பப் பரிசோதனை சொல்வார். கல்யாணமாகாத பெண்ணுக்கா என்று கோபப்படாதீர்கள், மாதவிடாய் நின்ற எல்லோருக்கும் அதுதான் முதல் சோதனை. பிறகு தைராய்டு, சிறுநீரகச் சோதனைகள். புரோலாக்டினை இன்னொரு முறை, காலையில், சற்று ஓய்வாக உட்கார்ந்தபின் எடுக்கலாம். பதற்றமே அதை ஏற்றும். வாந்திக்கும் வயிற்று உப்புசத்துக்கும் வாங்கிப் போடுகிற டோம்பெரிடோனும் ஏற்றும், அதைச் சாப்பிடுகிறாளா என்று பாருங்கள். 92 என்பது ரிஸ்பெரிடோனுக்கு வழக்கமாக வருகிற அளவுதான். 200-ஐத் தாண்டினாலோ, பார்வை மங்கினாலோ பிட்யூட்டரியில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. தேவைப்படும்.

நோய் அடங்கியிருப்பதால் டாக்டர் முதலில் மாத்திரை அளவைக் குறைத்துப் பார்க்கலாம். அரிப்பிபிரசோல் என்ற இன்னொரு மனநல மாத்திரையைக் குறைந்த அளவில் சேர்த்தால் பலருக்கும் சில வாரங்களில் புரோலாக்டின் இறங்கும், ரிஸ்பெரிடோனும் தொடரும். சிலருக்கு மட்டும் உட்கார முடியாத படபடப்பு வரும், வந்தால் உடனே சொல்ல வேண்டும். அதுவும் சரிப்படாவிட்டால் அரிப்பிபிரசோலுக்கோ குவெட்டியாபினுக்கோ மெதுவாக மாற்றலாம். மாற்றும் மாதங்களில் தூக்கம் குறைகிறதா, தனியே பேசுகிறாளா என்று வீட்டில் ஒருவர் கவனிப்பது அவசியம். அது உங்கள் கடமை. இப்படியே விட்டுவிடவும் முடியாது: மாதவிடாய் வருடக்கணக்கில் நின்றால் எலும்பு தேயும்.

வரன் வீட்டாரிடம் எப்போது, எவ்வளவு சொல்வது என்பதை மகள் தீர்மானிக்கட்டும். ஆனால் நிச்சயத்துக்கு முன் சொல்லியே ஆக வேண்டும். மாத்திரையை ஒளித்து விழுங்குகிற மருமகள் ஒரு நாள் அதை விட்டுவிடுவாள்.