அண்ணன் பிள்ளைகளுக்கு நான் கார்டியனா?

"விபத்தில் அண்ணனும் அண்ணியும் போய்விட்டார்கள். 9 வயதுப் பையனும் 5 வயதுப் பெண்ணும் காட்பாடியில் என்னோடுதான் இருக்கிறார்கள். பிள்ளைகள் பேரில் உள்ள மனையை விற்று பேங்கில் போடலாமா? குடியாத்தத்தில் அண்ணியின் அப்பா இருக்கிறார்."

விற்காதீர்கள் சார், அட்வான்ஸும் வாங்காதீர்கள். இந்துக் குடும்பம் என்று வைத்துச் சொல்கிறேன். 1956-ஆம் ஆண்டு இந்து சிறார் காப்பாளர் சட்டப்படி இயற்கைக் காப்பாளர், அதாவது கார்டியன், அப்பா, அவருக்குப் பின் அம்மா. சித்தப்பாவோ தாத்தாவோ தானாகக் காப்பாளர் ஆவதில்லை. பெற்றோர் உயில் எழுதி யாரையாவது நியமித்திருந்தால் அவர். முதலில் பீரோவைத் தேடிப் பாருங்கள்.

உயில் இல்லையென்றால் 1890-ஆம் ஆண்டு காப்பாளர் சட்டத்தில் மனு போட வேண்டும். பிள்ளைகள் வழக்கமாக வசிப்பது காட்பாடி என்பதால், சொத்துக்கான மனு வேலூர் சத்துவாச்சாரி மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகும். இறப்பு, பிறப்புச் சான்றுகள், வாரிசுச் சான்று, சொத்து விவரம், நெருங்கிய உறவினர் பட்டியல் வேண்டும். பலர் மறப்பது ஒன்று: காப்பாளராக இருக்கச் சம்மதம் என்று நீங்கள் கையெழுத்திட்டு, 2 சாட்சிகளும் கையெழுத்திட்ட உறுதிமொழி.

தாத்தாவுக்கு நோட்டீஸ் போகும். அதற்கு முன்பே நேரில் போய்ப் பேசுங்கள். ஆட்சேபணை இல்லையென்று அவர் பிரமாணப் பத்திரம் தந்தால் பாதி இழுபறி குறையும். அவர் எதிர்த்தால், யார் நெருங்கிய சொந்தம் என்பதைவிட பிள்ளைகளின் நலன்தான் எடைபோடப்படும். விவரம் தெரிந்த வயதென்று தோன்றினால் பையனையும் நீதிபதி கேட்கலாம்.

நியமன உத்தரவு கையில் வந்தாலும் மனையை விற்க நீதிமன்றத்தில் தனியாக அனுமதி வாங்க வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைகள் பின்னால் அந்தக் கிரயத்தை ரத்து செய்யக் கேட்கலாம். 'விற்றால் நல்ல விலை' என்பது போதாது; அவசியம் அல்லது பிள்ளைகளுக்குத் தெளிவான நன்மை காட்ட வேண்டும்.