கடனில் மட்டும் பெயர் போதுமா?

"பெங்களூர் ஹொரமாவுவில் 80 லட்சத்துக்கு ஒரு பழைய ஃபிளாட் பார்த்திருக்கிறோம். கணவருக்குச் சம்பளம் 1,20,000, எனக்கு 80,000. வங்கிக் கடன் 60 லட்சம். கையிலிருந்து போடும் 20 லட்சத்தில் 12 லட்சம் என் நகையும் சேமிப்பும். பத்திரம் அவன் பெயரில் இருக்கட்டும், கடனில் நீ கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார் மாமனார். புரோக்கரும் அதுதான் சுலபம் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை, என்ன செய்யலாம்?"

பத்திரத்தில் உங்கள் பெயர் வருவது உறுதியாகும் வரை கடன் பேப்பரில் கையெழுத்துப் போடாதீர்கள். கடனில் மட்டும் பெயர் இருந்தால், தவணை நின்றுபோனால் வங்கி உங்களிடம் பாதியை அல்ல, மிச்சமிருக்கும் முழுக் கடனையும் கேட்கலாம். ஆனால் அந்த வீட்டை விற்க உங்கள் கையெழுத்து தேவைப்படாது. பழைய வரி முறையில் இருந்தால் வட்டிக்கு ஆளுக்கு வருடம் 2 லட்சம் வரை கழிக்கலாம், அதுவும் வீட்டில் பங்கு இருப்பவருக்குத்தான். பத்திரத்தில் பெயர் இருப்பவர்கள் எல்லாரும் கடனிலும் வர வேண்டும் என்று அழுத்திக் கேட்கும் வங்கி, கடனில் இருப்பவருக்கு வீட்டில் பங்கு உண்டா என்று மட்டும் கேட்பதே இல்லை. இத்தனை வருடம் பார்த்தும் இது எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது.

சரி, பங்கு எவ்வளவு? வங்கி கொடுப்பது வீட்டு விலைக்குத்தான், பத்திரச் செலவு உங்கள் கையிலிருந்து போகும். ஸ்டாம்ப் டியூட்டி, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்துச் சுமார் 6 லட்சம் வைத்துக்கொள்ளுங்கள், ஆக மொத்தம் 86 லட்சம். 60 லட்சம் கடனுக்கு எட்டரை சதவீத வட்டியில் 20 வருடத்துக்குத் தவணை மாதம் 52,000 பக்கம் வரும். சம்பளத்தை வைத்து அறுபதுக்கு நாற்பது என்று பிரித்தால் அவர் 31,200, நீங்கள் 20,800, அதாவது கடனில் அவர் பங்கு 36 லட்சம், உங்களது 24. பத்திரச் செலவை அவர் ஏற்றால் அவர் போடுவது 8, 6, 36 சேர்ந்து 50 லட்சம். நீங்கள் போடுவது 12, 24 சேர்ந்து 36 லட்சம். வீட்டில் உங்கள் பங்கு சுமார் 42 சதவீதம். சரிபாதி என்று இருவரும் பேசி முடிவெடுத்தாலும் தப்பில்லை, ஆனால் அந்த எண் பத்திரத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். எழுதாமல் விட்டால் பின்னாளில் யார் எவ்வளவு போட்டார்கள் என்று கணக்குக் காட்ட வேண்டியிருக்கும், காட்ட முடியாவிட்டால் சமபங்கு என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால் நகை விற்ற பணத்தை உங்கள் கணக்கில் போட்டு, அங்கிருந்தே விற்பவருக்குச் செக்காகக் கொடுங்கள். கணவர் கணக்குக்கு மாற்றி அங்கிருந்து கொடுத்தால் பார்ப்பவருக்கு அது அவர் பணமாகத்தான் தெரியும்.

இதில் இன்னொரு குழப்பம் உண்டு. டெல்லியில் இருக்கும் சொந்தக்காரர் யாராவது, பெண் பெயரில் மட்டும் வாங்கினால் ஸ்டாம்ப் டியூட்டி குறையும் என்று சொல்வார். டெல்லியில் அது உண்மை, பெண்ணுக்குக் குறைவு, ஆணுக்கு அதிகம், இருவர் பெயரும் சேர்ந்தால் நடுவில். மும்பையிலும் பெண்ணுக்குச் சலுகை இருக்கிறது, ஆனால் கணவர் பெயரும் சேர்ந்தால் கிடைக்காது. பெங்களூரில் அப்படி எதுவும் இல்லை. யார் பெயரில் வாங்கினாலும் இங்கே ஒரே தொகைதான், ஆகவே ஒற்றைப் பெயரில் எழுத இந்தக் காரணத்தை யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

புரோக்கர் சுலபம் என்பது அவருக்குச் சுலபம். ஒரு பெயர் என்றால் ஒருவர் பேப்பர், சீக்கிரம் பதிவு, சீக்கிரம் கமிஷன். பத்திரம் எழுதுகிறவரும் பழைய பத்திரத்தை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றித் தருவார், பங்கு பற்றிய வரியே இருக்காது. பதிவுக்கு ஒரு வாரம் முன்பே டிராஃப்ட் கேட்டு வாங்கி இருவரும் உட்கார்ந்து படியுங்கள். காலையில் சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் டோக்கன் கூப்பிடும்போது கையில் திணித்தால் யாராலும் படிக்க முடியாது. வீடு மாநகராட்சிக் கணக்கில் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் ஈ-காத்தாவையும் அப்போதே கேளுங்கள். அது முறையான அனுமதி இல்லாத சொத்துக்குக் கொடுக்கும் பி காத்தாவாக இருந்து, பிறகு மாற்றித் தருகிறேன் என்று விற்பவர் சொன்னால் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

வாங்கலாமா என்பதற்கு நான் பார்ப்பது ஒன்றுதான், உங்களில் ஒருவர் ஒரு வருடம் வேலைக்குப் போகவில்லை என்றால் என்ன ஆகும்? குழந்தை பிறந்து நீங்கள் வீட்டில் இருந்தால் அவர் சம்பளத்தில் 52,000 போய் மிச்சம் 68,000, சமாளித்துவிடலாம். அவருக்கு வேலை போனால் உங்கள் 80,000-ல் மிச்சம் 28,000, அதில் மெயின்டனன்ஸும் கட்டிக் குடும்பமும் நடத்த முடியாது. ஆகவே முதலில் ஆறு மாதத் தவணை, சுமார் 3 லட்சம், தனியாகச் சேரட்டும். இப்போது கொடுக்கும் வாடகைக்கும் 52,000-க்கும் உள்ள வித்தியாசத்தை மாதாமாதம் இருவரும் அதே அறுபது நாற்பதில் ஒரு கூட்டுக் கணக்கில் போட்டு வாருங்கள். நாலாவது மாதமே அதிலிருந்து எடுக்க வேண்டி வந்தால் இந்த விலை உங்களுக்கு அதிகம், 65 லட்சத்துக்குள் வேறு வீடு பாருங்கள்.