ஆஃப்செட்டா, பிபிஎம்மா? ஓசு தாள விளையாட்டுக்கு மேப் செய்பவர்களின் கேள்விகள்

தொடக்கத்தில் நோட்டுகள் டிரம்மோடு கச்சிதமாக விழுகின்றன. பாட்டு முடியும்போது தாமதமாகிவிடுகின்றன. ஆஃப்செட்டைக் குறைத்தால் முடிவு சரியாகிறது, தொடக்கம் கெடுகிறது. என்ன செய்வது?

ஆஃப்செட்டை விட்டுவிடுங்கள். அது முதல் தட்டு எந்த மில்லி செகண்டில் விழுகிறது என்பதை மட்டும்தான் சொல்கிறது. அதில் பிழை இருந்தால் பாட்டு முழுக்க ஒரே அளவு விலகல் இருக்கும். போகப் போக விலகல் வளர்ந்தால் பிழை பிபிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்ற எண்ணில்.

நீங்கள் அனுப்பிய மேப்பையே எடுத்துக்கொள்வோம். பிபிஎம் 128 என்று வைத்திருக்கிறீர்கள். அதாவது ஒரு தட்டுக்கு 60000 ÷ 128 = 468.75 மில்லி செகண்ட். நான் எடிட்டரில் கேட்டபோது முதல் தட்டு 1210-லும், அதிலிருந்து 256-ஆவது தட்டு 121163-லும் விழுந்தன. இடைவெளி 119953. அதை 256-ஆல் வகுத்தால் 468.566. பிபிஎம் ஆக மாற்றினால் 128.05. வித்தியாசம் அற்பமாகத் தெரியும். ஆனால் 256 தட்டுகளில் அது 47 மில்லி செகண்டாகச் சேர்ந்துவிடுகிறது. எவ்வளவு துல்லியமாக அடிக்க வேண்டும் என்பதைச் சொல்லும் ஓடி 8 ஆக இருந்தால், ஒரு நோட்டுக்கு முழு மதிப்பெண்ணான 300 கிடைக்க 32 மில்லி செகண்டுக்குள் அடிக்க வேண்டும். பாட்டைக் கேட்டுச் சரியாக அடிப்பவருக்குக்கூட அங்கே 100தான் கிடைக்கும்.

கோப்பில் வரி இப்படி இருக்க வேண்டும்:

```
[TimingPoints]
1210,468.566,4,2,1,60,1,0
```

முதல் எண் ஆஃப்செட், இரண்டாவது ஒரு தட்டின் நீளம். கணினியில் உருவான பாட்டுகளில் பிபிஎம் பெரும்பாலும் முழு எண்ணாகவே இருக்கும், அதனால் 128 என்று நீங்கள் நினைத்ததில் தப்பில்லை. உங்களுடையது பழைய டேப்பிலிருந்து எடுத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். டேப் கொஞ்சம் வேகமாக ஓடினாலே இந்த 0.05 வந்துவிடும். எதுவானாலும் தொலைவான இரண்டு தட்டுகளை அளந்து வகுத்துப் பாருங்கள். பத்துத் தட்டுகளை மட்டும் அளந்தால் உங்கள் காது செய்யும் 5 மில்லி செகண்ட் பிழையே கணக்கைக் கெடுத்துவிடும். 256 தட்டுகளில் அதே பிழை கரைந்துபோகும்.

T விசையைத் தட்டித் தட்டித்தான் ஆஃப்செட் வைத்தேன். எனக்குச் சரியாக இருக்கிறது. விளையாடியவர்கள் எல்லாரும் நோட்டு லேட்டாக வருகிறது என்கிறார்கள். ப்ளூடூத் ஹெட்போன்தான் வைத்திருக்கிறேன்.

காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். ப்ளூடூத்தில் சத்தம் காதுக்கு வர 100, 200 மில்லி செகண்ட்கூட ஆகலாம். பாட்டை அவ்வளவு தாமதமாகக் கேட்டுத் தட்டினீர்கள், அந்தத் தாமதம் அப்படியே மேப்பில் பதிந்துவிட்டது. வயர் ஹெட்போன் வைத்திருப்பவர் ஏன் அதைச் சுமக்க வேண்டும்? உங்கள் கருவியின் தாமதத்தை அமைப்புகளில் இருக்கும் பொது ஆஃப்செட்டில் சரிசெய்யுங்கள். மேப்பின் ஆஃப்செட் பாட்டுக்கோப்புக்கு மட்டுமே சொந்தம்.

விரலால் தட்டுவது தோராயமான பிபிஎம் கண்டுபிடிக்க மட்டும் போதும். ஆஃப்செட்டுக்குக் காதுதான் வேண்டும். வேகத்தை 25% ஆக்கி, மெட்ரோனோம் டிக்கையும் கிக் டிரம்மையும் சேர்த்துக் கேளுங்கள். "டிக்-டும்" என்று கேட்டால் டிக் முந்துகிறது, ஆஃப்செட்டைக் கூட்ட வேண்டும். "டும்-டிக்" என்றால் குறைக்க வேண்டும். 10 மில்லி செகண்ட் பிழை இந்த வேகத்தில் 40 ஆக விரிவதால் இரண்டு சத்தமாகப் பிரிந்து கேட்கும். ஐந்தைந்தாக நகர்த்துங்கள், பிறகு ஒவ்வொன்றாக. இரண்டும் ஒட்டி, டிக் கிக்குக்குள் மறையும் இடம் ஒன்று வரும். அதுதான் உங்கள் எண். டிக்கும் பாட்டும் ஒரே ஹெட்போன் வழியாக வருவதால் ப்ளூடூத் தாமதம் இந்தச் சோதனையை அவ்வளவாகக் கெடுக்காது. இருந்தாலும் வயர் இருந்தால் வயரையே போடுங்கள்.

எம்பி3-ஐ நல்ல தரத்தில் மாற்றினேன். அதே பாட்டு, அதே நீளம். ஆனால் எல்லா நோட்டும் கொஞ்சம் முந்துகிறது.

எம்பி3 ஆக்கும்போது பாட்டின் தொடக்கத்தில் சிறு மௌனம் சேரும். லேம் என்கோடரில், டிகோடரின் தாமதத்தையும் சேர்த்தால் இது வழக்கமாக 1105 சாம்பிள், 44.1 கிலோஹெர்ட்ஸில் சுமார் 25 மில்லி செகண்ட். கோப்பை மறுபடி மறுபடி மாற்றினால் அது மேலும் கூடலாம். அதற்காக 25 என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடாதீர்கள். சில மென்பொருள்கள் அந்த மௌனத்தை வெட்டிவிட்டுக் காட்டும், அதனால் வெளியே அளந்த எண் விளையாட்டுக்குள் பொருந்தாமல் போகலாம். ஓசு எடிட்டரிலேயே முதல் கிக்கின் இடத்தைப் பழைய கோப்பில் ஒருமுறை, புதியதில் ஒருமுறை பாருங்கள். அந்த வித்தியாசத்தை ஆஃப்செட்டில் கூட்டிவிட்டு, நோட்டுகளையும் அதே அளவு நகர்த்துங்கள். டைமிங் கோடுகள் மட்டும் நகர்ந்து நோட்டுகள் பழைய இடத்திலேயே நின்றால், எல்லாமே கட்டத்துக்கு வெளியே கிடக்கும்.

மேடையில் நேரடியாகப் பதிவான பாட்டு. எந்த பிபிஎம்மும் பொருந்தவில்லை.

பொருந்தாதுதான், வாசிப்பவர் மனிதர். முதலில் ஆஃப்செட்டையும் பிபிஎம்மையும் குறிக்கும் சிவப்புக் கோடு ஒன்றை வைத்துக் கேட்டுக்கொண்டே போங்கள். டிக் பிரிந்து கேட்கத் தொடங்கும் தாளச் சுற்றின் முதல் தட்டில் புதுக் கோடு வைத்து, அங்கிருந்து மறுபடி அளக்க வேண்டும். மூன்று நிமிடப் பாட்டுக்கு நாற்பது கோடுகூட வரலாம். டைமிங் முழுக்க முடியும்வரை ஒரு நோட்டுகூட வைக்காதீர்கள்.