ஷிப்ட் முடிந்து கிளம்பும் சூப்பர்வைசர், பாக்கி வேலைகளையும் ஆபத்துகளையும் அடுத்த ஷிப்டுக்கு எப்படி எழுதி வைக்க வேண்டும்?

ஒரு சாயப்பட்டறையின் பாய்லர் ஹவுஸில் ஷிப்ட் பார்த்த ஆரம்ப காலத்தில், ஒரு நாள் லாக் புக்கில் "2-ம் நம்பர் ஃபீட் பம்ப், வேலை பாக்கி" என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போனேன். பாய்லருக்குத் தண்ணீர் ஏற்றும் அந்த பம்பின் கிளாண்டில், அதாவது ஷாஃப்டைச் சுற்றித் தண்ணீர் கசியாமல் அடைக்கிற இடத்தில், பழைய பேக்கிங் கயிற்றைக் கழற்றியிருந்தோம், புதுசு போடவில்லை. ராத்திரி 1-ம் நம்பர் பம்ப் டிரிப் ஆனது. பாய்லரில் தண்ணீர் இறங்குகிறது, ஆபரேட்டர் என்ன செய்வார்? ஏதோ சின்ன வேலை பாக்கி போல என்று நினைத்து, 2-ம் நம்பரின் சக்‌ஷன் வால்வைத் திறந்தார். கிளாண்ட் வழியாகக் கொதிக்கிற தண்ணீர் அவர் முழங்கை வரை அடித்தது. கொப்புளம் ஆற ஒரு மாதம் ஆனது. நான் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த பம்ப் இப்போது எப்படி இருக்கிறது என்பது அதில் இல்லை.

வட கடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் 1988 ஜூலை 6 அன்று நடந்ததும் இதே வகைதான். ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைச் சரிபார்க்கக் கழற்றியிருந்தார்கள். மாலைக்குள் திருப்பி மாட்ட முடியாததால் அந்த இடத்தைத் தகடு வைத்து மூடினார்கள். ராத்திரி இன்னொரு பம்ப் நின்றது. முதல் பம்புக்குத் திட்டமிட்டிருந்த ஓவர்ஹால் இன்னும் தொடங்கவில்லை என்பது இரவு ஷிப்டுக்குத் தெரியும், வால்வு இல்லை என்பது தெரியாது. அதை ஓட்டியதும் வாயு கசிந்து வெடித்தது என்றுதான் விசாரணை முடிவுக்கு வந்தது. 167 பேர் இறந்தார்கள்.

அந்த ராத்திரிக்கு நான் எழுதியிருக்க வேண்டியது இது:

"2-ம் நம்பர் ஃபீட் பம்ப் ஓட்டக்கூடாது. கிளாண்டில் பேக்கிங் இல்லை. வால்வு இரண்டும் மூடி, ஐசோலேட்டருக்குப் பூட்டு போட்டிருக்கிறது, சாவி ஃபிட்டரிடம். கயிறு காலை 9 மணிக்கு வரும். அதுவரை 1-ம் நம்பருக்கு மாற்று கிடையாது. அது நின்றால் விறகு போடுவதை நிறுத்தி, ஃபேன்களை ஆஃப் செய்யவும். கேஜ் கிளாஸில் தண்ணீர் தெரியாமல் போய்விட்டால், பம்ப் திரும்ப ஓடினாலும் தண்ணீர் ஏற்ற வேண்டாம்."

முதல் வரியிலேயே 'ஓட்டக்கூடாது' இருப்பதைப் பாருங்கள். அவசரத்தில் புத்தகத்தைத் திறப்பவர் முதல் வரியைத்தான் படிப்பார். கடைசி வரி இன்னும் முக்கியம். காய்ந்து சூடேறிய குழாய்களில் தண்ணீர் பட்டால் பாய்லரே வெடிக்கலாம். 'மாற்று கிடையாது' என்பதையும் பலர் எழுத மாட்டார்கள். ஓடுகிற மிஷினைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று விட்டுவிடுவார்கள். ஆனால் பக்கத்து பம்ப் கழன்று கிடக்கும்போது ஆபத்து ஓடுகிற பம்பில்தான் இருக்கிறது.

அப்புறம், எழுதினால் மட்டும் போதாது. இப்போதெல்லாம் வருகிறவரை பம்ப் பக்கத்துக்கே கூட்டிப் போய்ப் பூட்டைக் காட்டுகிறேன். "1-ம் நம்பர் நின்றால் என்ன செய்வீங்க?" என்று கேட்பேன். அவர் வாயால் சொன்ன பிறகுதான் கையெழுத்து. இதற்குப் பத்து நிமிஷம் ஆகும், சில நாள் கம்பெனி பஸ் போய்விடும்.