நன்றியுரையில் சொல்ல வேண்டியது எது?

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் நவம்பரில் நடக்கவிருக்கும் நூலக வார விழாவில் நன்றியுரை சொல்லும் பொறுப்பை வாசகர் வட்டத்தில் என்னிடம் கொடுத்துவிட்டார்கள். இதுவரை நான் மேடையேறியதில்லை. நூலகர் கொடுத்த பட்டியலில் 23 பெயர்கள் இருக்கின்றன. மூன்று நிமிடத்தில் முடிக்கச் சொல்கிறார். நன்றியுரை என்று அறிவித்தவுடனே கூட்டம் எழுந்து போவதைப் பார்த்திருக்கிறேன். எப்படித் தயாராவது?

ஒரு வாசகி, தேனி மாவட்டம்

அன்புள்ள வாசகிக்கு,

'தினைத்துணை நன்றி செயினும் பனைத்துணையாக் கொள்வர் பயன்தெரி வார்' என்ற குறளில் நன்றி என்பது ஒருவர் செய்த உதவியைக் குறிக்கிறது. உதவி பெற்றவர் திருப்பிச் சொல்லும் சொல்லை அன்று. நன்றியுரையையும் அந்தப் பொருளிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். யார் என்ன செய்தார் என்று சபையறியச் சொல்வதற்காகவே அந்த மூன்று நிமிடம் உங்களுக்குத் தரப்படுகிறது. ஆனால் பெரும்பாலான மேடைகளில் செயல் உதிர்ந்துபோய், பெயரும் பதவியும் மட்டும் எஞ்சுகின்றன. அந்தப் பெயர்கள் ஏற்கெனவே அழைப்பிதழில் அச்சாகி, வரவேற்புரையிலும் ஒருமுறை வாசிக்கப்பட்டுவிட்டவை. மூன்றாம் முறையும் அவற்றையே கேட்பதற்கு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று கூட்டத்திடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இந்தத் தவற்றை நானே செய்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சிறு ஊரின் பொங்கல் விழாவில், அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு அதிலிருந்த வரிசைப்படியே நன்றி சொன்னேன். அன்று வரவே வராத ஒருவருக்கு 'வருகை தந்து சிறப்பித்தமைக்கு' நன்றி சொல்லிவிட்டேன். மதியம் மின்சாரம் போனபோது தம் கடையிலிருந்து ஜெனரேட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து விழாவை நடத்திக் கொடுத்தவரின் பெயரைச் சொல்லவில்லை. அவர் பந்தல் காலில் சாய்ந்தபடி, கரி படிந்த கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு நின்றதை மேடையிலிருந்தே பார்த்தேன். என் தாளில் அவர் பெயர் இல்லை என்பதால் என் வாயிலும் அது வரவில்லை. அதன் பிறகு அழைப்பிதழைப் பார்த்து நன்றியுரை தயாரிப்பதை விட்டுவிட்டேன்.

ஆகவே, முதலில் அந்தப் பட்டியலோடு நூலகரின் எதிரில் அரைமணி நேரம் உட்காருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே 'இவர் என்ன செய்தார்?' என்று கேட்டு, ஒரு வினைச்சொல்லை எழுதிக்கொள்ளுங்கள்: நாற்காலி தந்தார், புரவலராகச் சேர்ந்தார், பேச்சுப் போட்டிக்கு நடுவராக இருந்தார், கூடத்தைப் பெருக்கினார். இப்படிக் கேட்கும்போது பட்டியல் தானாகவே பிரியும். ஒரு கணக்குக்காக, மேடையில் அமரப்போகிறவர்கள் நால்வர், பணமோ பொருளோ தந்தவர்கள் எட்டுப் பேர், உடலுழைப்புத் தந்தவர்கள் ஏழு பேர் என்று வைத்துக்கொள்வோம். மீதி நால்வருக்கு வினைச்சொல் கிடைக்காது. மரியாதை கருதிச் சேர்க்கப்பட்ட பெயர்கள் அவை. அந்த மரியாதையை வரவேற்புரையிலேயே செய்துவிடும்படி நூலகரிடம் சொல்லிவிட்டால் யாருக்கும் மனக்குறை இருக்காது.

பணம் தந்தவர்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். தொகையை வாசிக்காதீர்கள், தொகையின் வரிசையில் பெயர்களையும் வாசிக்காதீர்கள். ஐந்நூறு கொடுத்தவர் ஐயாயிரம் கொடுத்தவருக்குப் பின்னால் நிற்பது அவருடைய தெருவில் மறுநாள் பேச்சாகிவிடும். அகர வரிசை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு எட்டுப் பெயர்களையும் தொடர்ந்து வாசித்து, அந்தப் பணம் என்னவாயிற்று என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். பெயர்களை எப்படி உச்சரிக்க வேண்டும், முதலெழுத்து எது என்பதையும் உரியவரிடமே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நிதானமாகப் பேசினால் என் அனுபவத்தில் நிமிடத்துக்கு 80 சொற்கள் வரும். மூன்று நிமிடத்துக்கு 240. இதில் முக்கால் பங்கை முதல் நாளே எழுதிவிடலாம். மீதியை விழா நடக்கும்போதுதான் எழுத முடியும். சிறப்பு விருந்தினருக்கான இடத்தை வெறுமனே விட்டுவைத்து, அவர் பேசும்போது முன்வரிசையில் பேனாவோடு இருங்கள். அவர் சொன்னதில் ஒன்றே ஒன்றைக் குறித்துக்கொண்டால் போதும். 'சீரிய உரையாற்றிய' என்ற அடைமொழியை எந்தக் கூட்டத்துக்கும் எழுதிவிடலாம் என்பது அவருக்கும் தெரியும். யார் வரவில்லை, அழைப்பிதழில் இல்லாத யார் வந்து கைகொடுத்தார் என்பதையும் அப்போதே திருத்திக்கொள்ளுங்கள்.

உங்கள் விழாவுக்கு நான் எழுதினால், நடுப்பகுதி ஏறத்தாழ இப்படி இருக்கும்:

'சிறுவயதில் வாடகை சைக்கிளில் வந்து இந்த நூலகத்தில் படித்ததைச் சிறப்பு விருந்தினர் சொன்னபோது, பின்வரிசைப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதற்காக அவருக்கு நன்றி. நேற்றிரவு பெய்த மழையில் கூடத்துக்குள் தண்ணீர் வந்துவிட்டது. காலை ஆறு மணிக்கு வந்து அதை வாளியால் இறைத்துத் தரையைத் துடைத்துத் தந்த நம் துப்புரவுப் பணியாளர் அம்மாவுக்கு நன்றி. இந்த நூறு நாற்காலிகளையும் வாடகை வாங்காமல் தந்து, தாமே இறக்கியும் வைத்த பந்தல்காரருக்கு நன்றி.'

இங்கே பதவியைச் சொல்லியிருக்கும் இடங்களில் நீங்கள் பெயரைச் சொல்லுங்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும் செயல் முதலில் வந்து பெயர் பின்னால் வருவதைக் கவனியுங்கள். செயலைக் கேட்டவுடன் அது யார் என்று கூட்டம் தேடும். பெயர் வரும்போது தலைகள் திரும்பும். அதற்கு அந்த ஆள் கூடத்துக்குள் இருக்க வேண்டும். உழைத்தவர்கள் அந்த நேரத்தில் பெரும்பாலும் வெளியே தேநீர் ஊற்றிக்கொண்டிருப்பார்கள். உங்கள் முறைக்கு ஐந்து நிமிடம் முன்பு ஒருவரை அனுப்பி அவர்களை உள்ளே அழைத்து நிறுத்துங்கள். தேநீர் அறிவிப்பையும் உங்களுக்கு முன்னால் யாரும் செய்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டம் கலைவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

'யாருடைய பெயரேனும் விடுபட்டிருந்தால் மன்னிக்கவும்' என்ற வழக்கமான வரியை நான் சொல்வதில்லை. விடுபட்டவருக்கு அது ஆறுதல் தருவதில்லை என்பதோடு, விடுபட்டதை எல்லோருக்கும் நினைவூட்டியும் விடுகிறது. பெயர்கள் அதிகமாக இருந்தால் எண்ணையும் வேலையையும் சொல்லலாம்: 'இரண்டு நாள்களாகப் புத்தகக் கண்காட்சிக்கு நூல்களை அடுக்கித் தந்த பன்னிரண்டு மாணவர்களும் கொஞ்சம் எழுந்து நில்லுங்கள்.' பன்னிரண்டு பெயர்களை வாசிப்பதைவிட அது அந்தப் பிள்ளைகளுக்கு அதிக மகிழ்ச்சி தரும். ஒருவர் உண்மையிலேயே விடுபட்டுவிட்டால், அன்று இரவே அவர் வீட்டுக்குப் போய் நேரில் சொல்லுங்கள்.

சிறப்பு விருந்தினர் இடையிலேயே கிளம்ப வேண்டியிருந்தால், அவர் எழுவதற்கு முன்பே அவருக்குரிய இரண்டு வாக்கியங்களை ஒலிவாங்கியில் சொல்லிவிட அனுமதி கேளுங்கள். பிறகு காலி நாற்காலியைப் பார்த்து மறுபடியும் சொல்ல வேண்டாம்.

நன்றியுரைக்கு அடுத்து நாட்டுப்பண் என்பதால், உங்கள் கடைசி வாக்கியம் எல்லோரையும் எழுந்து நிற்கக் கேட்டுக்கொள்வதாக இருக்கட்டும். பாடப்போவது பிள்ளைகள் என்றால் நன்றியுரை பாதியில் இருக்கும்போதே அவர்கள் மேடையோரம் வந்து நிற்க வேண்டும். ஒலிப்பதிவு என்றால் அது சரியான இடத்தில் தொடங்குகிறதா என்று விழாவுக்கு முன்பே மைக் செட்காரரைப் போட்டுக்காட்டச் சொல்லுங்கள். அவர் பெயரையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நூலகரின் பட்டியலில் அது இருக்க வாய்ப்பு குறைவு.