பிரெஞ்சில் வந்த மெயிலுக்கு எந்த மொழியில் பதில்? கேள்வி பதில்

மொன்றியல், சரக்குப் பிரிவு: அக்கா, எங்கட மெயில் தொடரில ஆறு பேர். இங்க இருக்கிற மூண்டு பேர் பிரெஞ்சில எழுதுகினம், ரொறன்ரோக்காரர் ஆங்கிலத்தில. கடைசி மெயில் எந்த மொழியோ அந்த மொழியில நான் பதில் போடுறன். சரிதானே?

சரியில்லை, தம்பி. கடைசி மெயிலைப் பார்க்காமல், உங்கள் பதிலை வைத்து யார் வேலை செய்யப்போகிறார் என்று பாருங்கள். முதலில் அவருடைய மொழி. மற்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது தேதியோ தொகையோ மட்டும் என்றால், அந்த ஒரு வரியை மட்டும் அவர்களுடைய மொழியில் கீழே போடுங்கள்.

உங்கள் தொழிலிலேயே ஒரு உதாரணம் பார்ப்போம். பெப்ரவரி 29 அன்று மொன்றியல் கிடங்கிலிருந்து இப்படி ஒரு மெயில் வருகிறது:

```
Le délai est de 10 jours ouvrables.
Pouvez-vous confirmer la livraison d'ici le 14 mars ?
```

நடுவில் ரொறன்ரோவிலிருந்து ஒருவர் ஆங்கிலத்தில், ‘ஏன் பத்து நாள் தாமதம்?’ என்று கேட்கிறார். மெயிலின் முதல் வரியில் உள்ள ‘தெலே’ என்பது தாமதம் அல்ல, ஒரு வேலைக்கு ஒதுக்கிய கால அளவு. 29ஆம் தேதிக்குப் பின் பத்து வேலைநாள் எண்ணினால் சரியாக மார்ச் 14 வருகிறது, ஒரு நாள்கூடத் தாமதமில்லை. நீங்கள் கடைசி மெயிலின் மொழியைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் அவரைச் சமாதானப்படுத்தினால், தேதியை உறுதிசெய்யக் கேட்ட கிடங்குக்காரருக்குப் பதிலே போகவில்லை. அவர் லாரியைப் பதிவு செய்யாமல் காத்திருப்பார். எனவே:

```
Bonjour,
Livraison confirmée : jeudi 14 mars 2024, 14 h 30.

(EN) Confirmed: Thursday, March 14, 2024, 2:30 p.m.
"Délai" here means lead time. There is no delay.
```

கிழமையையும் மாதத்தின் பெயரையும் எழுத்தில் எழுதி, ஆண்டையும் முழுதாகப் போட்டிருப்பதைப் பாருங்கள். 03/04 என்று எழுதினால் ஒருவர் மார்ச் 4 என்பார், இன்னொருவர் ஏப்ரல் 3 என்பார். பணத்திலும் இதே கவனம் வேண்டும். பிரெஞ்சில் தசமத்துக்குக் காற்புள்ளி, ஆயிரத்துக்கு இடைவெளி, டாலர் குறி கடைசியில்.

இன்னொன்று, தலைப்பு வரியைத் தொடாதீர்கள். பிரெஞ்சுத் தலைப்பை ஆங்கிலமாக்கினால் ஜிமெயிலில் அது புதுத் தொடராகப் பிரிந்துவிடும். பாதிப் பேர் பழைய தொடரிலேயே பேசிக்கொண்டிருப்பார்கள்.

லவால்: 96ஆம் சட்டம் வந்த பிறகு கியூபெக்கில் வேலையிடத்தில் ஆங்கிலத்தில் மெயில் எழுதுவதே சட்டவிரோதம். இதை நீங்கள் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

பாதி சரி. 2022இல் வந்த அந்தச் சட்டம், 1977இன் பிரெஞ்சு மொழிச் சாசனத்தை இறுக்கியது. அது கட்டுப்படுத்துவது நிறுவனத்தை. நிறுவனம் தன் ஊழியர்களுக்கு எழுத்தில் சொல்வதைப் பிரெஞ்சில் சொல்ல வேண்டும். ஒரு ஊழியர் தானாகக் கேட்டுக்கொண்டால் அவருக்கு மட்டும் வேறு மொழியில் எழுதலாம். ரொறன்ரோ சக ஊழியருக்கு நீங்கள் ஆங்கிலத்தில் பதில் போட்டால் அது குற்றம் ஆகாது. ஆனால் நீங்கள் மேலாளராக இருந்து, விடுமுறை விதியையோ வேலைநேர மாற்றத்தையோ உங்கள் குழுவுக்கு ஆங்கிலத்தில் மட்டும் அனுப்பினால் அது பிரச்சினை. மெயிலை அனுப்புவது சக ஊழியரா, நிறுவனமா என்று பிரித்துப் பாருங்கள்.

கத்தினோ, மத்திய அரசுப் பணி: எனக்கு ஆங்கிலம்தான் வசதி. மேற்பார்வையாளர் பிரெஞ்சில்தான் எழுதுகிறார். நான் பிரெஞ்சில்தான் பதில் தர வேண்டுமா?

வேண்டாம். ஒட்டாவா–கத்தினோ இருமொழிப் பகுதி. அங்கே மத்திய அரசு ஊழியருக்கு இரண்டில் எந்த மொழியிலும் வேலை செய்ய உரிமை உண்டு. உங்களை நீங்கள் தேர்ந்த மொழியில் மேற்பார்வை செய்வது அவர் கடமை. ‘எனக்கு ஆங்கிலத்தில் எழுதுங்கள்’ என்று ஒருமுறை தனியாக அவருக்கு எழுதிச் சொல்லுங்கள், குழுத் தொடரில் வேண்டாம்.

பிராம்ப்டன்: டெஃப் தேர்வில் எழுத்துப் பகுதிக்கு எத்தனை சொல் எழுத வேண்டும்?

அது தேர்வுக் கேள்வி. பயிற்சி வகுப்பில் கேளுங்கள்.

மொன்றியல், கணக்குப் பிரிவு: நான் கஷ்டப்பட்டுப் பிரெஞ்சில் எழுதினால் அவர்கள் ஆங்கிலத்தில் பதில் போடுகிறார்கள். என் பிரெஞ்சு அவ்வளவு மோசமா?

அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் உங்களுக்கு உதவுவதாக நினைத்தே மொழி மாற்றுகிறார்கள். அடுத்த மெயிலின் கடைசியில், ‘பிரெஞ்சிலேயே தொடரலாம், எனக்கு அது வசதிதான்’ என்று சொல்லும் இந்த ஒரு வரியைப் போடுங்கள்:

```
Vous pouvez continuer en français, ça me va très bien.
```

அதன்பின் ஆங்கிலத்துக்குத் தாவாமல் பிரெஞ்சிலேயே தொடருங்கள். மூன்றாவது மெயிலிலும் ஆங்கிலமே வந்தால் விட்டுவிடுங்கள். பணம், ஒப்பந்தம், பொறுப்பு யாருடையது என்பன வரும் மெயிலில் மட்டும் உங்களுக்கு வலுவான மொழியில் எழுதுங்கள்.

ஒட்டாவா: அக்கா, கடைசியில் சொன்னதை நான் ஏற்கவில்லை. முக்கியமான மெயிலை எல்லாம் ஆங்கிலத்தில் எழுதினால் பிரெஞ்சு எப்போது வரும்? ஒவ்வொருவரும் தன் மொழியில் எழுதட்டும், மற்றவர் வாசிக்கட்டும். எங்கள் அலுவலகத்தில் அப்படித்தான் ஓடுகிறது.

ஸ்கார்பரோ: உங்க அலுவலகத்தில எல்லாருக்கும் ரெண்டும் தெரியும், அதால ஓடுது. எனக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. இருபது மெயில் ஓடி முடிஞ்ச பிறகு, ‘நீங்கதானே ஒத்துக்கொண்டனீங்க’ எண்டு எனக்கே சொல்லுகினம்.

ஸ்கார்பரோக்காரர் சொல்வதுதான் சோதனை. அனுப்பும் முன் சிசியில் இருக்கும் ஒவ்வொரு பெயரையும் பாருங்கள். ஒரு மொழி மட்டுமே வாசிக்கும் ஒருவர் இருந்தாலும் ‘அவரவர் மொழியில்’ என்ற ஏற்பாடு அவரை வெளியே தள்ளிவிடும். அப்படிப்பட்ட தொடரில் முடிவு எடுக்கப்பட்டதும் ஒருவர் அதை இரு மொழியிலும் இரண்டிரண்டு வரியில் எழுதி, ‘இது சரியா’ என்று கேட்டு அனுப்ப வேண்டும். மற்றவர் எழுதிய முடிவை உங்கள் சொற்களில் சுருக்காதீர்கள். மூல வரியை அப்படியே வைத்து அதன்கீழ் மொழிபெயர்ப்பை எழுதுங்கள். ‘எவாந்த்யுவெல்மான்’ என்று அவர் எழுதியிருந்தால் அது ‘ஒருவேளை’. ஆங்கிலச் சொல்லின் சாயலில் ‘கடைசியில் நடக்கும்’ என்று மாற்றினால், அவர் கொடுக்காத வாக்கை நீங்கள் கொடுத்ததாகிவிடும்.

ஒட்டாவாக்காரர் கேட்ட மற்றது, முக்கிய மெயிலில் எழுதாமல் மொழி வருமா என்பது. அதில் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. பிரெஞ்சில் எழுதி, அனுப்பும் முன் ஒரு பிரெஞ்சுக்கார நண்பரிடம் காட்ட நேரம் இருந்தால் எழுதுங்கள். அதே நாளில் பதில் போக வேண்டுமென்றால் நான் ஆங்கிலத்தையே சொல்வேன். அவர் இதை ஒப்புக்கொள்ளமாட்டார் என்று தெரியும்.

லோங்கேய்: கடைசி மெயில் பிரெஞ்சில் வந்தால் பதிலும் பிரெஞ்சில்தானே?

முதல் பதிலை வாசியுங்கள்.

கியூபெக் சிட்டி: தலைப்பு பிரெஞ்சில், பேச்செல்லாம் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டது. தலைப்பையும் மாற்றட்டுமா?

மாற்றாதீர்கள். மேலே சொன்னேன். பேசும் விஷயமே மாறிவிட்டால் மட்டும், புதுத் தலைப்போடு புது மெயில் தொடங்குங்கள்.

மொன்றியல், புதிதாகச் சேர்ந்தவர்: எல்லோரும் ஒருவரை ஒருவர் ‘ட்யூ’ என்கிறார்கள். நானும் ‘ட்யூ’ போடலாமா?

உங்களுக்கு ‘ட்யூ’ எழுதுபவருக்குத் திருப்பி ‘ட்யூ’ எழுதலாம். பலருக்கும் போகும் மெயிலில் கேள்வியே இல்லை, பன்மை என்பதால் ‘வூ’தான் வரும். நம் ‘நீங்கள்’ மாதிரி அது பன்மைக்கும் ஆகும், மரியாதைக்கும் ஆகும். வெளி வாடிக்கையாளர் ஒருவர் சிசியில் சேர்ந்துவிட்டால், அவர் பெயர் சொல்லி எழுதும் வரியில் ‘வூ’ போடுங்கள். நேற்றுவரை ‘ட்யூ’ என்று அழைத்த சக ஊழியரை மட்டும் அதே மெயிலில் ‘வூ’ ஆக்காதீர்கள். ஏதோ கோபம் என்று நினைத்துவிடுவார்.